30 லட்சம் விந்தணு இருந்தும் இக்சி ஏன்?

கேள்வி: "மண்டபம் பக்கம் எங்க ஊர். கல்யாணமாகி நாலு வருஷம். என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். அவருக்கு அணு 30 லட்சம்தான் இருக்கு, இக்சி செஞ்சாத்தான் உண்டுன்னு மதுரையில சொல்லிட்டாங்க. எங்க தெரு அக்கா ஒருத்தருக்கு, வீட்டுக்காரர் கவுண்ட் நல்லா இருந்தும் அதே இக்சிதான் சொல்லியிருக்காங்க. எல்லாருக்கும் இதைத்தான் சொல்றாங்களா? ஒரே ஒரு அணுவை ஊசியால உள்ள வைக்கிறதுன்னா என்ன நடக்குது?"

உங்கள் இருவருக்கும் சீட்டில் எழுதிக் கொடுத்த பெயர் ஒன்றாக இருக்கலாம், காரணம் ஒன்றாக இருக்க வழியில்லை. உங்கள் வீட்டுக்காரரின் எண்ணிக்கையைப் பார்த்தால் இக்சி என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லியிருந்தால் அது அவசரம். அந்த அக்காவுக்கு எதற்குச் சொன்னார்கள் என்று காரணம் கேட்க வேண்டியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. தொண்டியில் பிறந்து, மதுரையில் கருத்தரிப்பு லேபில் பதினாறு வருடமாக எம்ப்ரியாலஜிஸ்டாக வேலை பார்க்கிறவள். அந்த ஒரு அணுவை முட்டைக்குள் வைக்கும் கை எங்களுடையது. அதனால் லேபுக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்வேன். மருந்து, அளவு, உங்கள் உடலுக்கு எது ஏற்றது என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. உங்கள் ரிப்போர்ட்டையும் நான் பார்க்கவில்லை.

முதலில், டெஸ்ட் டியூப் பேபி என்று ஊரில் சொல்கிற ஐவிஎஃப் என்ன என்பதைச் சொல்லிவிட்டால் இக்சி எங்கே வருகிறது என்பது விளங்கும். இரண்டிலும் பெண்ணுக்கு நடப்பது ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, ஒன்றுக்குப் பதில் பல கருமுட்டைகளை வளர வைத்து, மயக்கம் கொடுத்து அவற்றை வெளியே எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. சாதாரண ஐவிஎஃபில், முட்டை இருக்கும் டிஷ்ஷில் சுத்தம் செய்த அணுக்களை விட்டுவிட்டு இன்குபேட்டரில் வைப்போம். ஒரு முட்டைக்குச் சுமார் 50,000 முதல் 1 லட்சம் நீந்தும் அணுக்கள் வேண்டும். அவை தாமாக நீந்தி, முட்டையைச் சுற்றிப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் செல்களைக் கடந்து, அதற்குள்ளிருக்கும் ஓடு போன்ற உறையைத் துளைத்து, ஒன்று மட்டும் உள்ளே போக வேண்டும். யார் போகிறார் என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. இக்சியில் அந்தப் பயணம் முழுவதையும் நாங்கள் ரத்து செய்துவிடுகிறோம். ஒரு முட்டைக்கு ஒரு அணு, அதுவும் எங்கள் கையால் நேராக உள்ளே. இக்சி செய்வது இவ்வளவுதான். அணு உள்ளே போக முடியாத தடையை அது நீக்கும். முட்டையின் தரம், அணுவின் மரபுச் சரக்கு, கருப்பை ஆகிய எதையும் அது சரிசெய்யாது. யாருக்குத் தேவை என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது: அணு தானாக உள்ளே போக வழியில்லாதவர்களுக்கு.

இது பழைய முறையும் அல்ல. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பலெர்மோ என்ற இத்தாலிய டாக்டரும் அவருடைய குழுவினரும் அதுவரை அணுவை ஓட்டுக்கு அடியில், முட்டைக்கு வெளியே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலன் மிகக் குறைவு. அந்த வேலையின் நடுவே ஒரு அணு தவறுதலாக முட்டைக்குள்ளேயே போய்விட, அது கருவானது. இப்படிப் பிறந்த குழந்தைகளைப் பற்றி 1992இல் எழுதினார்கள். அதற்கு முன்பு அணு மிகக் குறைவாக உள்ள ஆணுக்கு, வேறொருவரின் அணுவைத் தானமாகப் பெறுவதைத் தவிர அனேகமாக வேறு வழி இருந்ததில்லை.

இப்போது உங்கள் 30 லட்சத்துக்கு வருவோம். ரிப்போர்ட்டில் அது ஒரு மில்லிக்கு 3 மில்லியன் என்று இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். அந்த எண் ஒரு கோடு அல்ல. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் இயல்பாகக் குழந்தை பிறக்கிறது, மேலே உள்ளவர்களுக்கும் பிறக்காமல் போகிறது. ஆகவே அடர்த்தியை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை. மொத்த அளவு எவ்வளவு, அதில் எத்தனை சதவீதம் முன்னோக்கி நீந்துகிறது, கழுவிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் போடுவோம். உதாரணமாக, 2 மில்லி விந்து, அதில் 20 சதவீதம் நீந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60 லட்சம், நீந்துவது 12 லட்சம். கழுவும்போது பாதிக்கு மேல் இழப்பு சகஜம், 4 அல்லது 5 லட்சம் கையில் நிற்கும். உங்களுக்கு 10 முட்டை வந்தால் ஐவிஎஃபுக்குக் குறைந்தது 5 லட்சம், நல்லபடியாகச் செய்ய 10 லட்சம் வேண்டும். இருப்பது இழுபறி. இக்சியில் அதே 10 முட்டைக்கு 10 அணு போதும். உங்களுக்குச் சொன்னதன் கணக்கு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் இக்சி என்பதில் லேபுக்கு லேப் வேறுபாடு உண்டு, அதில் உலகத்துக்கு ஒரே விதி இல்லை.

ஆனால் அந்த 12 லட்சம் நாளைக்கும் 12 லட்சமாக இருக்குமா? இருக்காது. விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள். பிறகு விரையின் மேல் சுருண்டிருக்கும் குழாயில் முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள். கூட்டினால் மூன்று மாதம். இன்று கொடுக்கும் விந்து மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் ரிப்போர்ட். டைஃபாய்டு, டெங்கு என்று கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை சரிந்து, பிறகு ஏறும். அதனால்தான் குறைந்தது இரண்டு மாதிரி, கொஞ்ச இடைவெளி விட்டுப் பார்க்கச் சொல்வோம். மாதிரிக்கு முன்பு இரண்டு முதல் ஏழு நாள் உடலுறவு இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் வரும் துளிகள் சிந்திவிட்டால் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அணு அதிகமாக இருப்பது அந்த முதல் பகுதியில். இன்னொன்று, மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். மண்டபத்தில் எடுத்து மதுரைக்குப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் ரிப்போர்ட் பொய் சொல்லும். ஒருவர் அப்படிக் கொண்டுவந்த டப்பாவில் அசைவே இல்லை, அங்கேயே எடுத்துக் கொடுத்ததில் நன்றாக நீந்தின. உங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படி நடந்திருக்குமோ என்று கேட்டுப் பாருங்கள்.

படகு வேலையைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத் தோன்றுகிறது, எங்கள் கடற்கரை ஆட்கள் எல்லோரும் கேட்பது. எஞ்சின் பக்கம் மணிக்கணக்காக இருக்கும் சூடு விரையைப் பாதிக்குமா? விரை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு நன்றாக உருவாகும், அது நிச்சயம். எஞ்சின் சூடு ஒருவரின் கவுண்டை இவ்வளவு குறைத்தது என்று யாராவது சொன்னால் அதை நான் நம்புவதில்லை, அப்படி அளந்து சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் வீட்டில் இருக்கிறார், அதற்குள் சோதித்தால் நல்லா வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 61 நாள் ஒரு முழுச் சுற்றுக்குக் கூடப் போதாது. சூடுதான் காரணம் என்றால் அதன் பலன் தடை முடிந்து ஜூலையில் கொடுக்கும் மாதிரியில்தான் தெரியும். ஆகவே தடைக்காலத்தில் ஒன்று, அதற்குப் பிந்தைய சில வாரங்களில் ஒன்று என்று கொடுக்கச் சொல்கிறேன்.

எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே நின்றுவிட்டால் இக்சிக்கு முன்பு சில விஷயங்கள் பார்க்கப்பட வேண்டும், பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து ஊசி எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் பழைய ஆதங்கம். ஆணை ஒரு யூராலஜிஸ்ட் நேரில் கைவைத்துப் பார்க்க வேண்டும்: விரையின் அளவு என்ன, ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறதா, அணு வரும் குழாய் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று. ஜிம்முக்குப் போய் ஊசி போட்டிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி அணு உற்பத்தியை அடியோடு நிறுத்தும், ஊசியை விட்டுவிட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். ஹார்மோன் சோதனை ஒன்று, குரோமோசோம் சோதனை ஒன்று. 10 லட்சத்துக்கும் கீழே அல்லது பூஜ்ஜியம் என்றால் ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும். இது ஏன் அவசியம் என்றால், ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். அப்பாவால் இயல்பாகக் கொடுக்க முடியாததை இக்சியால் கொடுத்துவிடும். பிறக்கும் பையனுக்கும் அதே குறைவு இருக்கும். வேண்டாம் என்று சொல்வதற்காகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

இனி நாங்கள் செய்வதை ஒரு தம்பதியை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் கடலுக்குப் போகிறவர்தான். மனைவிக்கு 29 வயது. முதல் மாதிரியில் ஒரு மில்லிக்கு 8 லட்சம். அதற்கு ஆறு வாரம் முன்பு காய்ச்சலில் படுத்திருந்ததை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து 40 லட்சமானது. ஆனால் நீந்துவது 15 சதவீதம்தான், இக்சி தேவை என்பது மாறவில்லை. மனைவிக்கு ஊசிகள் முடிந்து, கடைசியாக முட்டையை முதிர வைக்கும் ஊசி இரவு 10.30 மணிக்குப் போட வேண்டும். அதிலிருந்து 35, 36 மணி நேரத்தில் முட்டை எடுப்போம். இந்த ஊசிக்கு நிமிஷம் முக்கியம் என்று எத்தனை முறை சொன்னாலும் போதாது. வேறொரு தம்பதிக்கு, ஊரில் ஊசி போட ஆள் கிடைக்காமல் இரவு 1 மணிக்குப் போட்டார்கள். பயந்துபோய் எங்களிடம் சொல்லவில்லை. எடுத்த முட்டையில் பாதிக்கு மேல் முதிராதவை. சொல்லியிருந்தால் முட்டை எடுக்கும் நேரத்தை அவ்வளவு தள்ளி வைத்திருப்போம். தப்பாகப் போட்டால் உடனே போன் செய்யுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

இவர்களுக்கு 11 முட்டை வந்தது. சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற செல்களை ஒரு என்சைம் திரவத்தில் அரை நிமிஷம் நனைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி உறிஞ்சி விட்டு உரித்தோம். உரித்த பிறகுதான் முட்டை முதிர்ந்ததா என்று தெரியும். முதிர்ந்த முட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழி வெளியே வந்திருக்கும், போலார் பாடி என்போம். அது இல்லாத முட்டைக்குள் அணுவை வைத்துப் பயனில்லை. 11இல் 8தான் முதிர்ந்திருந்தது. ஸ்கேனில் முட்டை வளரும் பை 14 தெரிந்ததே, முட்டை ஏன் 11, அதில் ஏன் 8 என்று அந்தப் பெண் கேட்டாள். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு உதிரும், அதைத் தடுக்க எங்களால் ஆகாது.

பிறகு அணு. கழுவி எடுத்ததில் ஒரு துளியை பிவிபி என்ற கொழகொழப்பான திரவத்தில் விடுவோம். அதில் அணுவின் ஓட்டம் மெதுவாகும், பிடிக்க வசதி. 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்து, தலை முட்டை வடிவில், வால் நேராக, தானாக நீந்துவதைத் தேர்வு செய்வோம். அதன் வாலை ஊசி முனையால் டிஷ்ஷின் அடியில் அழுத்தி ஒரு தேய்ப்பு. வால் ஒடிந்து அணு நின்றுவிடும். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும், ஆனால் இதைச் செய்யாவிட்டால் முட்டை விழிக்காது. வாலருகே சவ்வு கிழிந்தால்தான் அணுவுக்குள் இருக்கும் ஒரு பொருள் முட்டைக்குள் கசிந்து, இனி வேலையைத் தொடங்கு என்று அதற்குச் சொல்லும்.

முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஊசியின் உள் விட்டம் அதிலும் இருபதில் ஒரு பங்கு, அணுவின் தலை மட்டும் நுழையும் அளவு. இடது பக்கம் ஒரு குழாய் முட்டையை லேசாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். போலார் பாடி கடிகாரத்தில் 12 அல்லது 6 இருக்கும் இடத்தில் வரும்படி முட்டையைத் திருப்பி, 3 மணிப் பக்கமாக ஊசி நுழைப்போம். காரணம், முட்டையின் குரோமோசோம்கள் போலார் பாடிக்குப் பக்கத்தில்தான் அடுக்கப்பட்டிருக்கும். ஊசி அங்கே பட்டுவிடக்கூடாது. ஓட்டைத் தாண்டியதும் அடுத்து வரும் சவ்வுதான் தந்திரம். அது ரப்பர் போல ஊசியோடு சேர்ந்து உள்ளே இழுபடுமே தவிர உடையாது. உடைந்ததாக நினைத்து அணுவை விட்டால், அது சவ்வின் மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும், உள்ளே போயிருக்காது. லேசாக உறிஞ்சுவோம். சவ்வு விட்ட நொடியில் முட்டையின் உள்திரவம் ஊசிக்குள் வேகமாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். உடனே உறிஞ்சுவதை நிறுத்தி, அதையும் அணுவையும் உள்ளே விட்டு ஊசியை எடுத்துவிடுவோம். ஒரு முட்டைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஆனால் அந்த உறிஞ்சுதலில் கை கொஞ்சம் அதிகம் போனால் முட்டை கருத்துச் சுருங்கிச் செத்துப்போகும். பழகிய கையிலும் நூறு முட்டையில் ஐந்து பத்து இப்படிப் போகும். முட்டையின் சவ்வு பலவீனமாக இருந்தால் நம் கையில் குறையில்லாமலும் போகும்.

மறுநாள் காலையில், 16 முதல் 18 மணி நேரம் கழித்து, முட்டைக்குள் இரண்டு வட்டம் தெரிகிறதா என்று பார்ப்போம். ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. இந்தத் தம்பதியின் 8 முட்டையில் 6இல் இரண்டு வட்டம் தெரிந்தது, ஒன்று செத்திருந்தது, ஒன்றில் ஒன்றும் நடக்கவில்லை. முதிர்ந்த முட்டையில் 60, 70 சதவீதம் கருவாவது வழக்கமான அளவு. ஐந்தாம் நாள் 3 கரு நல்ல நிலைக்கு வந்தது. ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள், ஒட்டவில்லை. உறைய வைத்திருந்ததில் ஒன்றை மூன்று மாதம் கழித்து வைத்ததில் கர்ப்பம் நின்றது. முதல் முறை தோற்றபோது, அணுவை உள்ளே வைத்த பிறகும் ஏன் என்று அவர் கேட்டார். வைப்பது வரை இக்சி. அதன் பின் கரு வளர்வதும் ஒட்டுவதும் மற்ற எல்லாருக்கும் நடப்பது போலத்தான்.

எல்லா முட்டையிலும் ஒன்றுகூடக் கருவாகாமல் போவதும் உண்டு, நூறு இக்சியில் ஒன்றிரண்டு இருக்கும். முட்டை குறைவாக இருக்கும்போது அதிகம் நடக்கும். சில ஆண்களின் அணுவில் தலை முற்றிலும் உருண்டையாக, முன் மூடி இல்லாமல் இருக்கும். அதில் முட்டையை விழிக்கச் செய்யும் பொருள் குறைவு. அவர்களுக்குக் கால்சியம் தொடர்பான ஒரு திரவத்தில் முட்டையை வைத்து எழுப்பிப் பார்ப்பார்கள். அது எல்லாருக்கும் வேண்டியது இல்லை. பணம் கூடக் கட்டினால் அணுவை இன்னும் நன்றாகத் தேர்வு செய்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். நான் கண்ணால் பார்ப்பது வடிவமும் ஓட்டமும் மட்டும், உள்ளே மரபுச் சரக்கு முழுதாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்பது தெரியாது. அதற்காக வந்த ஒரு தேர்வு முறையை, ஹயலூரானிக் அமிலத்தில் ஒட்டும் அணுவை எடுப்பது, பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். குழந்தை பிறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ரிப்போர்ட்டில் அணு பூஜ்ஜியம் என்று வந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இக்சி இல்லாமல் முடியாது என்ற இடம் அதுதான். பூஜ்ஜியத்தில் இரண்டு வகை. உற்பத்தி நன்றாக நடந்து குழாய் அடைபட்டிருந்தால், விரையிலிருந்து அல்லது அதன் மேல் குழாயிலிருந்து ஊசியால் உறிஞ்சினால் அனேகமாக எல்லாருக்கும் கிடைக்கும். உற்பத்தியே குறைந்திருந்தால் மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் தேடும் அறுவை, கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சுமார் பாதிப் பேருக்குக் கிடைக்கும். ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் முழுவதும் இல்லாதவர்களுக்கு அறுவையே வீண், அதனால்தான் அந்தச் சோதனை முன்பே. இப்படி எடுக்கும் அணு சொற்பம், நீந்தத் தெரியாது, தானாக முட்டைக்குள் போகாது. ஊசிதான் ஒரே வழி.

தெரு அக்காவுக்கு வருகிறேன். கவுண்ட் நல்லா இருந்தும் இக்சி என்பதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. முந்தைய ஐவிஎஃபில் ஒரு முட்டைகூடக் கருவாகாமல் போயிருக்கலாம். உறைய வைத்த முட்டையைப் பயன்படுத்தலாம், உறையும்போது ஓடு கெட்டியாவதால் அணு நுழைவது சிரமம். குடும்பத்தில் உள்ள ஒரு மரபு நோய்க்காகக் கருவைச் சோதிக்கலாம், அப்போது மற்ற அணுக்கள் ஓட்டில் ஒட்டியிருந்தால் சோதனை குழம்பும். அல்லது அன்று கொடுத்த மாதிரி மட்டும் எதிர்பாராமல் மோசமாக இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், முட்டை கருவாகாமல் போய்விடுமோ என்ற பயத்துக்காக மட்டும் என்றால், ஆதாரம் அதற்குப் பக்கபலமாக இல்லை. வியட்நாமில் 1,064 தம்பதிகளை, கணவனின் விந்து சரியாக இருப்பவர்களை மட்டும், சீட்டுப் போட்டது போல் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில், இக்சியில் நூற்றுக்கு 35 பேருக்கும், ஐவிஎஃபில் நூற்றுக்கு 31 பேருக்கும் குழந்தை பிறந்தது என்ற அளவில்தான் வேறுபாடு. அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. பெண்ணுக்கு வயது கூடியிருக்கிறது, முட்டை குறைவு என்பவையும் இக்சிக்குத் தனிக் காரணம் ஆகாது. இருந்தும் உலகம் முழுக்கப் பல லேப்களில் எல்லாருக்கும் இக்சி என்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த நாள் காலையில் ஒன்றுமே கருவாகவில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எங்களுக்கும் நரகம், அந்தப் பயத்தில் பாதி எங்களுடையது. அந்த அக்கா கேட்க வேண்டியது ஒன்றே: "எங்க ரிப்போர்ட்ல எந்தக் காரணத்துக்காக?" சொல்ல முடிந்தால் சரி. "எல்லாருக்கும் இதான்" என்று பதில் வந்தால், பாதி முட்டையை ஐவிஎஃபிலும் பாதியை இக்சியிலும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கலாம், முட்டை போதுமான அளவு இருந்தால்.

குழந்தைக்குக் கேடு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, எழுதத் தயங்கியிருக்கலாம். இக்சியில் பிறந்தவர்களில் பிறவிக் குறைபாடு இயல்பாகப் பிறந்தவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது பல ஆய்வில் வருகிறது, ஆனால் பெரும்பாலான குழந்தைகள் நலமாகத்தான் பிறக்கிறார்கள். அந்தக் கொஞ்சம், ஊசியால் வந்ததா, ஏற்கனவே அணு குறைந்த அப்பாவின் மரபால் வந்ததா என்பது இன்னும் பிரித்துச் சொல்லப்படவில்லை. ஆணா பெண்ணா என்று தேர்ந்து வைக்கலாமா என்று யாராவது தூண்டினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டப்படி குற்றம்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை. முட்டை எடுக்கும் நாளைப் பெண்ணின் உடம்பு தீர்மானிக்கும், காலண்டர் அல்ல. அன்று அவர் கடலில் இருந்தாலோ, பதற்றத்தில் மாதிரி கொடுக்க முடியாமல் போனாலோ, அல்லது அன்றைய மாதிரியில் அணு இல்லாமல் போனாலோ, எடுத்த முட்டை காத்திருக்காது. 30 லட்சம் உள்ளவருக்கு இது கற்பனை இல்லை, ஒரு மாதிரியில் இருந்து அடுத்ததற்குப் பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஊசி தொடங்கும் முன்பே ஒரு மாதிரியை எடுத்து லேபில் உறைய வைத்துவிடுங்கள். உறைந்து எழும்போது பாதி அணு சாகும், ஆனால் எனக்கு வேண்டியது உங்கள் முட்டைக்கு ஒன்று வீதம்தான்.